கோடு சரியும் இடமும் வாக்கியம் தவறிய இடமும்

வீடியோ எடுக்கிறவர்கள், ஸ்கிரிப்ட் எழுதுகிறவர்கள், எடிட்டிங் மேஜையில் இரவைக் கழிக்கிறவர்கள் எனப் பலரும் வந்திருக்கிறீர்கள்.

இன்று நான் எடுத்துக்கொண்டிருக்கும் பொருள் சிறியது. யூடியூப் ஸ்டூடியோவில் ஒவ்வொரு வீடியோவுக்கும் ஒரு வரைபடம் இருக்கிறது. ரிடென்ஷன் கிராஃப் என்கிறோம். வீடியோவின் எந்த இடத்தில் எத்தனை பேர் மிச்சம் இருந்தார்கள் என்பதைக் காட்டும் ஒரு கோடு. அந்தக் கோடு சரியும் இடத்தை எப்படிப் படிப்பது? படித்த பிறகு ஸ்கிரிப்டில் அந்தப் பகுதியை எப்படித் திருத்தி எழுதுவது? இந்த இரண்டு கேள்விகளைத் தாண்டி இன்று நான் எங்கும் போகப்போவதில்லை.

மேடையில் பேசுகிறவருக்கு அவையின் முகம் தெரிகிறது. முன்வரிசையில் ஒருவர் கைபேசியை எடுத்தால் தெரியும். பின்வரிசையில் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்கும். பேச்சை அங்கேயே திருப்பிக்கொள்ளலாம். கேமரா முன்னால் பேசுகிறவருக்கு அந்த வசதி கிடையாது. அவருக்கு அவையின் முகம் ஓரிரு நாள் கழித்துத்தான் வருகிறது, அதுவும் ஒரு கோடாக. தாமதமாக வந்தாலும் அது உண்மையான முகம். பார்த்தவர்கள் மரியாதைக்காகச் சொன்ன பாராட்டு அதில் கிடையாது. அவர்கள் செய்தது மட்டும் இருக்கிறது.

முதலில் அந்தக் கோடு எதை எண்ணுகிறது என்பதில் தெளிவாக இருப்போம். வீடியோ தொடங்கும் இடத்தை நூறு சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது நிமிடத்தில் கோடு 55-இல் நிற்கிறது என்றால், அந்த இடம் நூறு வியூவுக்கு 55 முறை பார்க்கப்பட்டிருக்கிறது என்று பொருள். “பார்க்கப்பட்டிருக்கிறது” என்பதைக் கவனியுங்கள். ஒருவர் பின்னால் இழுத்து அதே இடத்தை மறுபடி பார்த்தால் அதுவும் கணக்கில் சேரும். அதனால்தான் சில இடங்களில் கோடு மேலே ஏறுகிறது. தொடக்கத்துக்குப் பக்கத்திலேயே பலர் திரும்பிப் பார்த்தால் நூறையே தாண்டிவிடும். ஒருவர் முன்னால் தள்ளிப் போய்விட்டால், அவர் தாண்டிய இடத்தில் கோடு தாழும். அவர் போய் நின்ற இடத்தில் மறுபடி உயரும்.

இதிலிருந்து என்ன தெரிகிறது? சரிவு என்று நாம் ஒரே பெயரில் சொல்வது இரண்டு வேறு செயல்கள். இறங்கிய கோடு இறங்கியபடியே போனால், ஆள் போய்விட்டார். இறங்கிய கோடு சற்றுத் தள்ளி ஏறினால், ஆள் போகவில்லை; அந்தப் பகுதியைத் தாண்டிப் போயிருக்கிறார். போனவருக்கு வீடியோ வேண்டாம். தாண்டியவருக்கு வீடியோ வேண்டும், அந்தப் பகுதி மட்டும் வேண்டாம். இரண்டுக்கும் மருந்து ஒன்றா? இல்லவே இல்லை.

இன்னொன்று. சரியாத கோடு உலகத்தில் கிடையாது. எவ்வளவு நல்ல வீடியோவாக இருந்தாலும் மெல்ல மெல்ல ஆள் குறையத்தான் செய்யும். அந்த மெல்லிய சாய்வைப் பார்த்து யாரும் ஸ்கிரிப்டைக் கிழிக்க வேண்டாம். உங்கள் வீடியோக்களில் இதே நீளமுள்ளவை வழக்கமாக எப்படி இருக்கும் என்பதையும் ஸ்டூடியோ அதே படத்தில் காட்டுகிறது. அந்த வழக்கமான சாய்வை விட்டுக் கோடு திடீரென்று செங்குத்தாக எங்கே முறிகிறது? அதைத்தான் நாம் தேடுகிறோம்.

இப்போது ஒரு எடுத்துக்காட்டை எடுத்துக்கொண்டு அதிலேயே கடைசிவரை நடப்போம். பேச்சுக்காக நான் அமைத்துக்கொண்ட வீடியோ இது, எண்களும் அப்படியே. ஆனால் இந்த வடிவத்தை உங்களில் பலர் உங்கள் சேனலிலேயே பார்த்திருப்பீர்கள்.

வீடியோவின் தலைப்பு: “சீலிங் ஃபேன் மெதுவா சுத்துதா? நீங்களே சரி பண்ணலாம்.” நீளம் எட்டு நிமிடம். பேசுகிறவர் ஒரு எலக்ட்ரீஷியன். கை சுத்தமான வேலைக்காரர், பேச்சும் தெளிவு. முப்பதாவது விநாடியில் நூற்றுக்கு 68 பேர் இருக்கிறார்கள். இரண்டாவது நிமிடத்தில் 55 பேர். அதுவரை கோடு அமைதியாகச் சாய்கிறது. பிறகு 2:10-இல் முறிகிறது. 2:35-க்குள் 34-க்கு விழுந்துவிடுகிறது. 2:50-இல் மறுபடி ஏறி 45-இல் நிற்கிறது. அதன் பிறகு பழையபடி அமைதியான சாய்வு.

இந்தப் பள்ளத்தைப் படிப்போம். 55-இலிருந்து 34-க்கு இறங்கியது என்றால் அந்த இடத்தைப் பார்க்காதவர்கள் 21 பேர். பிறகு 45-க்கு ஏறியது என்றால், அந்த 21 பேரில் ஏறக்குறைய 11 பேர் தாண்டிப் போய் மறுபக்கம் இறங்கியிருக்கிறார்கள். மீதி 10 பேர் வீடியோவை விட்டே போய்விட்டார்கள். திரும்பிப் பார்த்தவர்களும் இந்தக் கணக்கில் கலந்திருப்பதால் துல்லியம் சொல்ல முடியாது. ஆனால் சேதி கிடைத்துவிட்டது. அந்த 21 பேரில் பாதிப் பேருக்கு இந்த வீடியோ தேவைப்பட்டது. நடுவில் இருந்த நாற்பது விநாடியை அவர்கள் தடையாக நினைத்தார்கள்.

அந்தப் பத்துப் பேரை எப்படி அளப்பது? நூற்றில் பத்து என்று அளந்தால் தவறு. 2:10-இல் அங்கே இருந்ததே 55 பேர். ஐம்பத்தைந்தில் பத்து என்றால், இருந்தவர்களில் ஐந்தரைப் பேருக்கு ஒருவர். இதே வீடியோவின் பிற்பகுதியில் கோடு 30-இலிருந்து 24-க்கு இறங்கினால் கண்ணுக்குச் சின்னச் சறுக்கலாகத் தெரியும். ஆனால் அங்கே இருந்தவர்களில் ஐந்துக்கு ஒருவர் போயிருக்கிறார். இழப்பு இன்னும் கொஞ்சம் அதிகம்! அங்கே மிச்சம் இருந்தவர்கள் உங்கள் மேல் அதிக நம்பிக்கை வைத்தவர்கள். எத்தனை புள்ளி இறங்கியது என்று பார்க்காதீர்கள். இருந்தவர்களில் எத்தனை பங்கு போனார்கள் என்று பாருங்கள்.

சரி, இடம் கிடைத்துவிட்டது. இப்போது ஸ்கிரிப்டை எடுப்போம். எந்த வரியை எடுப்போம்?

இங்கேதான் பெரும்பாலானவர்கள் வழி தவறுகிறார்கள். 2:10-இல் கோடு முறிகிறது, ஆகவே 2:10-இல் பேசிய வரியில்தான் தவறு என்று நினைக்கிறார்கள். அந்த வரியை வெட்டுகிறார்கள். அடுத்த வீடியோவிலும் கோடு அதேபோல முறிகிறது. ஏன்? பார்க்கிறவர் ஒரு வாக்கியத்தைக் கேட்க வேண்டும், “இது எனக்கு வேண்டாம்” என்று மனதுக்குள் முடிவு செய்ய வேண்டும், பிறகு விரல் திரையைத் தொட வேண்டும். இதற்குச் சில விநாடிகள் பிடிக்கும். கோடு காட்டுவது விரல் நகர்ந்த நேரத்தை. மனம் விலகிய நேரம் அதற்கு முன்னால் இருக்கிறது.

வரைபடத்தின் நுட்பத்துக்கும் ஓர் எல்லை இருக்கிறது. யூடியூப் தன் ஏபிஐ வழியாகத் தரும் தக்கவைப்புத் தரவில் எந்த வீடியோவுக்கும் நூறு புள்ளிகள்தான். எட்டு நிமிட வீடியோவில் ஒரு புள்ளிக்கு ஏறக்குறைய ஐந்து விநாடி. நாற்பது நிமிட வீடியோவில் ஒரு புள்ளிக்கு 24 விநாடி. அவ்வளவு அகலமான புள்ளியை வைத்துக்கொண்டு ஒரு சொல்லைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற முடியுமா? முடியாது. ஆகவே முறியும் இடத்திலிருந்து பத்துப் பதினைந்து விநாடி பின்னால் போய், அங்கிருந்து ஸ்கிரிப்டைப் படிக்க வேண்டும்.

இதற்கு ஒரு முன்வேலை உண்டு. எழுதி வைத்த ஸ்கிரிப்டைப் படிக்காதீர்கள். வீடியோவில் உண்மையில் பேசியதை எழுதுங்கள். படப்பிடிப்பில் வார்த்தை மாறியிருக்கும். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் இடப்பக்கம் நேரத்தைக் குறியுங்கள். வலப்பக்கம் அப்போது திரையில் என்ன தெரிந்தது என்று ஒரே வரியில் குறியுங்கள். முழு வீடியோவுக்கும் தேவையில்லை. முறிவுக்கு முன்னால் அரை நிமிடம், பின்னால் ஒரு நிமிடம் போதும்.

நம் எலக்ட்ரீஷியன் என்ன பேசியிருக்கிறார்? 2:02-இல் தொடங்குகிறது. கேளுங்கள்:

“ஓகே, அப்போ பிரச்சினை கெபாசிட்டர்லதான்னு கண்டுபிடிச்சிட்டோம். அதை மாத்தறதுக்கு முன்னாடி, கெபாசிட்டர்னா என்ன, அது ஃபேன்ல என்ன வேலை செய்யுதுன்னு கொஞ்சம் தெரிஞ்சுக்கலாம். நம்ம வீட்டு ஃபேன்ல இருக்கறது சிங்கிள் ஃபேஸ் மோட்டார். இதுல ரெண்டு வைண்டிங் இருக்கும். ஒண்ணு ரன்னிங், இன்னொண்ணு ஸ்டார்ட்டிங்...”

இப்படி 2:45 வரை போகிறது. திரையில் அவர் கை மறைந்து, ஒரு சர்க்யூட் படம் அசையாமல் நிற்கிறது.

விரல் நகர்ந்தது வைண்டிங் பேச்சில். ஆனால் மனம் விலகியது எங்கே? முதல் இரண்டு வாக்கியங்களில்! “கண்டுபிடிச்சிட்டோம்” என்ற சொல் அதுவரை இழுத்துவந்த கேள்வியை மூடிவிட்டது. ஃபேன் ஏன் மெதுவாகச் சுற்றுகிறது என்று தெரிந்துகொள்ள வந்தவருக்கு விடை கிடைத்தாயிற்று; பத்துப் பேர் அங்கே கிளம்பிவிட்டார்கள். “மாத்தறதுக்கு முன்னாடி” என்ற சொல், எப்படி மாற்றுவது என்று காத்திருந்தவரிடம் “நீங்கள் கேட்டது இப்போது வராது” என்று சொல்லிவிட்டது. “கொஞ்சம் தெரிஞ்சுக்கலாம்” என்பது இன்னும் மோசம். வரப்போவது அவசியமில்லாதது என்று பேசுகிறவரே சொல்லிக்கொடுத்துவிட்டார். பதினொரு பேர் தாண்டிப் போய்விட்டார்கள்.

தாண்டியவர்கள் எங்கே போய் இறங்கினார்கள் என்றும் பாருங்கள். 2:50-இல் திரையில் என்ன இருக்கிறது? அவர் கையில் கழற்றிய கெபாசிட்டர். கைபேசித் திரையின் கீழ்ப்பட்டையை இழுக்கும்போது சின்னச் சின்னப் படங்கள் ஓடும். கை தெரிந்த இடத்தில் விரலை எடுத்திருக்கிறார்கள். அவர்களுக்கு வேண்டியது வேலை. அதைக் கோடு நமக்குச் சொல்லிவிட்டது.

ஒரு சோதனையை மட்டும் விடாமல் செய்யுங்கள். அந்த நாற்பது விநாடியை ஒலியை அணைத்துவிட்டு ஒருமுறை பாருங்கள். பிறகு திரையைப் பார்க்காமல் ஒலியை மட்டும் கேளுங்கள். பேச்சு நன்றாக ஓடி, படம் மட்டும் உறைந்து நின்றால் குற்றம் எடிட்டிங்கில் இருக்கிறது, ஸ்கிரிப்டைத் தொடாதீர்கள். படம் நன்றாக நகர்ந்து, பேச்சு நின்றுபோனால் குற்றம் எழுத்தில். நம் எடுத்துக்காட்டில் இரண்டுமே நின்றன. ஆனால் படம் உறைந்ததற்குக் காரணமே எழுத்துதான். கையால் செய்து காட்ட எதுவும் இல்லாத ஒரு பத்தியை எழுதிக் கொடுத்தால் எடிட்டர் என்ன செய்வார், பாவம்?

நண்பர்களே, இப்போது பேனாவை எடுப்போம். முதல் ஆசை என்ன? அந்த நாற்பது விநாடியை அப்படியே தூக்கிவிடலாம். கோடு நேராகிவிடும். ஆனால் நில்லுங்கள். கெபாசிட்டர் என்ன செய்கிறது என்று சொல்லாமல் விட்டால் பார்க்கிறவர் கடைக்குப் போய் என்ன வாங்குவார்? 2.5 மைக்ரோஃபாரட் இருந்த இடத்தில் கூடுதல் மதிப்புள்ள ஒன்றை வாங்கி மாட்டுவார். ஃபேன் முதலில் சற்று வேகமாகக்கூட ஓடலாம். வைண்டிங் சூடாகி, நாளடைவில் கெட்டுப்போகும். அந்தப் பாடம் தேவைதான். தவறான இடத்தில் இருந்தது. கேள்வி பிறப்பதற்கு முன்னால் விடையாக வந்து நின்றது.

ஆகவே திருத்தி எழுதுகிறவரின் முதல் வேலை வெட்டுவதல்ல. “இந்த விஷயம் எந்த இடத்தில் பார்க்கிறவருக்குத் தேவைப்படும்?” என்று கேட்பது. நம் வீடியோவில் அந்த இடம் கடையின் கவுண்டர். அங்கேதான் கையில் இரண்டு பொருள் வந்து, எதை எடுப்பது என்ற கேள்வி பிறக்கிறது. இப்போது திருத்திய வடிவத்தைக் கேளுங்கள்:

“கெபாசிட்டர்தான் போயிருக்கு. மெயின் ஆஃப் பண்ணியாச்சு, இப்போ கழட்டறேன். இது மேல ஒரு நம்பர் இருக்கு பாருங்க, 2.5. கடைல கேட்டா 3.15-ம் எடுத்து வைப்பாங்க. ‘இதைப் போடுங்க, இன்னும் வேகமா ஓடும்’னு சொல்றவங்களும் உண்டு. போடலாமா? வேண்டாம். ஃபேனுக்குள்ள ரெண்டு வைண்டிங். ஒண்ணுக்கு கரண்ட் நேரா போகுது. இன்னொண்ணுக்கு இந்த கெபாசிட்டர் வழியாத்தான் போகுது. நம்பர் கூடினா அந்த வைண்டிங்ல கரண்ட் கூடும், சூடாகும், கடைசில கருகிடும். பழசுல என்ன நம்பரோ, அதே நம்பர் வாங்குங்க. வாங்கிட்டு வந்ததும் எந்த வயர் எங்கே போகணும்? அதுலதான் நிறைய பேர் தப்பு பண்றாங்க.”

என்ன மாறியது? பாடம் போகவில்லை, இரண்டு வைண்டிங்கும் உள்ளேயே இருக்கின்றன. “கண்டுபிடிச்சிட்டோம்” என்ற மூடி போய்விட்டது. முடிவு சொன்ன அதே மூச்சில் கை வேலை தொடங்கிவிட்டது. “முன்னாடி” இல்லை, “கொஞ்சம்” இல்லை. பாடம் ஒரு கேள்விக்கு விடையாக வருகிறது. அந்த விடை முடிவதற்குள் அடுத்த கேள்வி திறக்கிறது. எடிட்டருக்கும் வேலை கிடைத்தது: கை, எண், இரண்டு கெபாசிட்டர்கள், வயர். படம் உறைந்து நிற்க இடமே இல்லை. உரக்கப் படித்து நேரம் பாருங்கள், பழைய பகுதியைவிடச் சுருங்கியும் இருக்கும். ஆனால் சுருக்கம் இங்கே நோக்கமல்ல. சரியான இடத்தில் வைத்தால் அது தானாகவே சுருங்குகிறது.

மெயினை அணைப்பதும் இந்தப் பத்தியில் வேலையோடு சேர்ந்து வந்துவிட்டது, கவனித்தீர்களா? பாதுகாப்பு எச்சரிக்கையைத் தனியாக நிறுத்தி அரை நிமிடம் சொன்னால் அங்கேயும் கோடு இறங்கும். இறங்குகிறதே என்று அதை எடுத்துவிடலாமா? கூடவே கூடாது. கோடு சொல்கிறது என்பதற்காக ஒரு மனிதரை மின்சாரத்தில் கை வைக்க விடக்கூடாது. கை வயரை நெருங்கும் அந்தக் கணத்தில் எச்சரிக்கையைச் சொல்லுங்கள். தாண்டிப் போகிறவருக்கும் அது கேட்கும். பழைய கெபாசிட்டரில் மின்சாரம் தேங்கியிருக்கக்கூடும் என்பதையும் அது கழன்று வரும்போதே சொல்லுங்கள். அதற்குப் பிறகும் கோடு இரண்டு புள்ளி இறங்குமானால் இறங்கட்டும்.

ஏறும் இடத்தையும் ஒரு பார்வை பார்த்துவிடுவோம். வயர் இணைக்கும் இடத்தில் கோடு மேடாக எழுந்தால் மகிழ்ந்துவிடுவோம், மக்களுக்கு மிகவும் பிடித்திருக்கிறது என்று. பிடித்தும் இருக்கலாம், புரியாமலும் இருக்கலாம். வேகமாகச் செய்து காட்டியதால் மறுபடி மறுபடி இழுத்துப் பார்த்திருக்கலாம். அந்த இடத்துக் கருத்துகளைப் படித்தால் தெரிந்துவிடும். “எந்த வயர் எதுல?” என்று பலர் கேட்டிருந்தால் அந்த மேடும் திருத்த வேண்டிய இடம்தான்.

தொடக்கத்தில் விழும் கோட்டுக்கு வேறு வைத்தியம். முதல் முப்பது விநாடியில் பெருங்கூட்டம் போனால், முதலில் தலைப்பையும் தம்ப்நெயிலையும் பாருங்கள். அவை சொன்னதும் முதல் வாக்கியம் சொல்வதும் ஒன்றா? “வீடியோவுக்குள்ள போறதுக்கு முன்னாடி சப்ஸ்கிரைப் பண்ணிடுங்க” என்று தொடங்குகிறவர்கள் அங்கேயும் அந்த “முன்னாடி” என்ற சொல்லைத்தான் வைத்திருக்கிறார்கள். கடைசியில் “நன்றி, அடுத்த வீடியோவில் சந்திப்போம்” என்ற குரல் மாறும்போது விழும் கோட்டைப் பற்றிக் கவலையே வேண்டாம்.

ஏற்கெனவே வெளியிட்ட வீடியோவில் இந்தத் திருத்தத்தைச் செய்ய முடியுமா? ஸ்டூடியோவின் எடிட்டரில் ஒரு பகுதியை வெட்டி எடுக்கலாம். வீடியோவின் இணைப்பும் வியூவும் கருத்துகளும் அப்படியே இருக்கும். ஆனால் புதிதாகப் படம் பிடித்ததை உள்ளே சேர்க்க முடியாது. வெட்டத்தான் முடியும், திருத்தி எழுத முடியாது. நம் எடுத்துக்காட்டில் வெறுமனே வெட்டினால் பாடமே போய்விடும் என்று பார்த்தோம். ஆகவே திருத்திய எழுத்து அடுத்த வீடியோவுக்குத்தான்: மிக்ஸி, மோட்டார் பம்ப், எதுவானாலும் அதே இடம் மறுபடி வரும். காரணத்தைக் கண்டுபிடித்து, வேலையைத் தொடங்கும் அந்தச் சந்திப்பில் இந்த மனிதர் என்ன எழுதுகிறார் என்று பாருங்கள். ஒவ்வொரு வீடியோவிலும் அங்கே “முன்னாடி” என்ற சொல் உட்கார்ந்திருந்தால், அது அவருடைய பழக்கம்.

திருத்தம் பலித்ததா என்று எப்படித் தெரியும்? இரண்டு வீடியோவின் உயரத்தை ஒப்பிடாதீர்கள். தேடலில் வந்தவர் விடை கிடைத்ததும் போவார். சேனலைப் பழகியவர் உட்கார்ந்திருப்பார். வீடியோ புதியவர்களிடம் பரவப் பரவக் கோடு மொத்தமாகத் தாழும். அது ஸ்கிரிப்டின் குற்றமல்ல. உயரத்தை விட்டுவிட்டு வடிவத்தைப் பாருங்கள்: அந்தச் சந்திப்பில் பள்ளம் இருக்கிறதா, இல்லையா? நூறு வியூவில் பார்க்காதீர்கள். அங்கே ஒரு மனிதர் என்பது ஒரு புள்ளி, இரண்டு பேர் சாப்பிட எழுந்துபோனால் கோடு கோணும். ஆயிரம் வியூ வரட்டும். ஸ்டூடியோவில் பழைய பார்வையாளர், புதிய பார்வையாளர் என்று கோட்டைப் பிரித்துப் பார்க்கும் வசதியும் இருக்கிறது. இரண்டு கோடும் ஒரே இடத்தில் முறிந்தால் அது பெரும்பாலும் எழுத்தின் தவறு என்று சொல்லலாம். புதியவர் கோடு மட்டும் முறிந்தால், பழகியவருக்குத் தெரிந்த ஏதோ ஒன்றைச் சொல்லாமல் விட்டிருக்கிறீர்கள்.

வீட்டுக்குப் போனதும் உங்கள் வீடியோ ஒன்றைத் திறந்து, Key moments for audience retention என்று எழுதியிருக்கும் அந்தப் படத்துக்குப் போங்கள். பெரிய முறிவு ஒன்றை மட்டும் எடுங்கள். பதினைந்து விநாடி பின்னால் போங்கள். அங்கே நீங்கள் பேசிய வாக்கியங்களைக் காகிதத்தில் எழுதி, பக்கத்தில் இருக்கும் ஒருவரிடம் உரக்கப் படித்துக் காட்டுங்கள். அடுத்த ஸ்கிரிப்டை அதற்குப் பிறகு எழுதத் தொடங்குங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.